எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் முன் ஒவ்வோர் எண்ணைப் பற்றியும் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். அது எந்த வகை இணைப்பு, கைபேசியா, தரைவழியா, கட்டணமில்லா எண்ணா என்பது ஒன்று. அந்த இணைப்பு இன்று இயங்குகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கான விடை பெரும்பாலும் எண்ணின் இலக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம், காசும் செலவில்லை. இரண்டாவதற்கான விடை இலக்கங்களில் கிடையாது. எண்ணை இயக்கும் தொலைபேசி நிறுவனத்தின் கணினிக்கு மட்டுமே அது தெரியும், கேட்டால்தான் சொல்லும், கேட்பதற்குக் கட்டணமும் உண்டு. இவை தவிர மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது: எண் இயங்குகிறது, சரி, ஆனால் பழைய ஆளிடம்தான் இருக்கிறதா? மொத்தச் செய்தி அனுப்புவோர் இதைக் கேட்பது அரிது. வம்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இலக்கங்கள் சொல்வது

உலகத் தொலைபேசி எண்கள் அனைத்தும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 என்ற பரிந்துரைக்குக் கட்டுப்பட்டவை. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஓர் எண் 15 இலக்கங்களைத் தாண்டக் கூடாது என்பது அதன் முதன்மை விதி. இந்தியாவில் 91 என்ற குறியீட்டுக்குப் பின் 10 இலக்கங்கள் வரும். கைபேசி எண் என்றால் அந்தப் பத்தில் முதலாவது 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். தரைவழி எண்ணில் ஊர்க் குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்தாகும்: சென்னைக்கு 44, அதன் பின் 8 இலக்கங்கள், மதுரைக்கு 452, அதன் பின் 7.

எனவே சரிபார்ப்பின் முதல் வேலை எல்லா எண்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. கடையிலும் பள்ளியிலும் சங்கத்திலும் சேர்ந்த பட்டியலில் ஒரே எண் முன்னால் 0 போட்டும், +91 போட்டும், நடுவில் இடைவெளி விட்டும், ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்களாகவும் இருக்கும். எக்செல் கோப்பு வழியாக வந்த பட்டியலில் இன்னொரு சேதமும் உண்டு. 12 இலக்க எண்ணை எக்செல் ஒரு பெரிய தொகையாக எடுத்துக்கொண்டு `9.19E+11` என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் பின்பகுதி இலக்கங்கள் போனது போனதுதான். அந்த வரிகளைப் பழுதுபார்க்க வழியில்லை, மூலக் கோப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். முன்னால் இருந்த 0 மறைவதும் இதே காரணத்தால்தான், ஆனால் அதனால் நட்டமில்லை.

வடிவம் சரியான பின் வகை பார்ப்பது. 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கினால் கைபேசி என்ற விதி பாதி உண்மை. பெங்களூரின் ஊர்க் குறியீடு 80. அங்குள்ள தரைவழி எண்ணை 0 இல்லாமல் எழுதினால் அது 8-இல் தொடங்கும் பத்து இலக்க எண், பார்வைக்கு அப்பட்டமான கைபேசி எண். அகமதாபாத்துக்குக் குறியீடு 79, அங்கும் இதே கதை. மூன்றாம், நான்காம் இலக்கங்களைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்: 802, 804 என்று தொடங்குபவை பெங்களூர்த் தரைவழி, 808, 809 என்று தொடங்குபவை கைபேசி. 7926 அகமதாபாத் தரைவழி, 7904 கைபேசி. முதல் இலக்கத்தை மட்டும் பார்க்கும் எளிய நிரல் பெங்களூர் அலுவலகங்களின் மேசைத் தொலைபேசிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டு அது ஏன் சேரவில்லை என்று விழிக்கும்.

இந்த விதிகளைக் கையால் எழுதத் தேவையில்லை. கூகுள் வெளியிட்டுப் பராமரிக்கும் `libphonenumber` என்ற திறந்த மூல நிரல்தொகுப்பில் ஏறக்குறைய எல்லா நாடுகளின் எண் திட்டங்களும் இருக்கின்றன. ஓர் எண்ணைக் கொடுத்தால் அந்த எண் ஒதுக்கப்பட்ட வரிசைக்குள் வருகிறதா என்பதை `isValidNumber` சொல்லும், வகையை `getNumberType` சொல்லும். இதில் ஒரு பெயர்க் குழப்பம் பலரை ஏமாற்றுகிறது. "செல்லுபடியாகும்" என்று இந்த நிரல் சொல்வதன் பொருள், அப்படி ஓர் எண் இருக்கக்கூடும் என்பது மட்டுமே. அது யாருக்காவது வழங்கப்பட்டிருக்கிறதா, இயங்குகிறதா என்பது நிரலுக்குத் தெரியாது. விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு 98-இல் தொடங்கி இன்னும் எட்டு இலக்கங்களைத் தட்டினாலும் பெரும்பாலும் அது செல்லுபடியாகிவிடும்.

அமெரிக்காவில் இலக்கங்களைப் பார்த்துக் கைபேசியா தரைவழியா என்று சொல்லவே முடியாது. அங்கே கைபேசிக்கும் தரைவழிக்கும் ஒரே பகுதிக் குறியீடுகள்தான். ஆகவே அமெரிக்க எண்ணைக் கொடுத்தால் நிரல் `FIXED_LINE_OR_MOBILE` என்று கையை விரித்துவிடும். போதாக்குறைக்கு 2003 நவம்பரிலிருந்து அங்கே வீட்டுத் தரைவழி எண்ணையே கைபேசிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே அந்நாட்டு எண்களுக்கு வகை பார்ப்பதும் காசு கொடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியாகிறது. விடையில் கைபேசி, தரைவழி என்பவற்றோடு இணையவழி எண்களும் இரு பிரிவாக வரும்: ஒரு முகவரியோடு கட்டப்பட்டவை, கூகுள் வாய்ஸ் போல முகவரியோடு கட்டப்படாதவை.

வகைக்கும் செய்தி சேர்வதற்கும் உள்ள உறவும் நேர்கோடு அல்ல. இந்தியத் தரைவழி எண்ணுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி பொதுவாக எங்கும் சேராது. பிரிட்டனில் தரைவழிக்கு வரும் செய்தியைக் கணினிக் குரல் வாசித்துக் காட்டும் சேவை இருந்திருக்கிறது. அமெரிக்காவில் கடைகள் தங்கள் தரைவழி எண்ணையே குறுஞ்செய்தி பெறும்படி பதிவு செய்துகொள்கின்றன. "தரைவழி" என்ற விடையைக் கண்டதும் எண்ணை அழிக்காமல் தனிப் பட்டியலில் வைப்பது அதனால் நல்லது. அந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம் அல்லவா?

பாதி அஞ்சல்

எண் இயங்குகிறதா என்று கேட்கும் முறையைப் புரிந்துகொள்ள, குறுஞ்செய்தி எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கைபேசி நிறுவனத்திடமும் தன் சந்தாதாரர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. இரண்டாம் தலைமுறை வலையமைப்புகளின் காலத்தில் அதற்கு வைத்த பெயர் எச்.எல்.ஆர். நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் அதன் இடத்துக்கு வேறு பெயர்களில் வேறு பதிவேடுகள் வந்துவிட்டன. தொழிலில் இருப்போர் வாயில் எச்.எல்.ஆர். என்பதே நிலைத்துவிட்டது. ஓர் எண் யாருடைய சிம்முக்கு உரியது, அந்த சிம்முக்கு என்னென்ன சேவைகள் உண்டு, அது கடைசியாக எந்த இணைப்பகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பவை அதில் இருக்கும்.

செய்தி மையம் ஒரு குறுஞ்செய்தியைச் சேர்க்க இரண்டு அடிகள் எடுத்து வைக்கும். முதல் அடியில் பதிவேட்டிடம், "இந்த எண்ணுக்கு ஒரு செய்தி இருக்கிறது, எங்கே அனுப்ப?" என்று கேட்கும். பதிவேடு அந்த சிம்மின் உள் அடையாளமான ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணையும், அதற்கு இப்போது சேவை தரும் இணைப்பகத்தின் முகவரியையும் திருப்பித் தரும். தர முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லும். இரண்டாம் அடியில் செய்தி அந்த இணைப்பகத்துக்குப் போய், அங்கிருந்து கைபேசிக்குப் போகும். நிறுவனங்களுக்கிடையே இந்தக் கேள்வி பதில்கள் எஸ்.எஸ்.7 என்ற சமிக்ஞை வலையில் நடக்கின்றன.

எச்.எல்.ஆர். விசாரணை என்று விற்கப்படும் சேவை இந்த முதல் அடியை மட்டும் எடுத்து வைத்து நின்றுவிடுகிறது. தபால்காரர் வீடுவரை போகாமல், அந்த ஊர்த் தபால் நிலையத்திலேயே "இப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டுத் திரும்புவதற்கு ஒப்பானது இது. செய்தி எதுவும் போவதில்லை, கைபேசி ஒலிப்பதில்லை, அதன் உரிமையாளருக்கு எதுவும் தெரிய வருவதில்லை. விடை சில நொடிகளில் வந்துவிடும்.

கேள்வி சரியான பதிவேட்டுக்குப் போக வேண்டும் என்பது தனிச் சிக்கல். இந்தியாவில் எண் மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுவதற்கும் வந்தது. 2015 ஜூலையிலிருந்து வேறு மாநிலத்துக்குப் போனாலும் எண்ணைக் கொண்டு போகலாம். ஆகவே எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் பார்த்து "இது இன்ன நிறுவனம், தமிழ்நாட்டு எண்" என்று சொல்லும் அட்டவணைகள் தொடக்கத்தில் எண் யாரிடம் இருந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. இன்றைய நிறுவனத்தை அறிய, மாறிய எண்களின் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். இந்தக் கேள்வி மட்டும் போதுமென்றால் அது முழு விசாரணையைவிட மலிவு. ஆனால் எண் இயங்குகிறதா என்பதை அது சொல்லாது. மலிவான இந்தச் சேவையை வாங்கிவிட்டு இயங்கும் எண்களைப் பிரித்துவிட்டதாக நம்புவது அடிக்கடி நடக்கும் பிழை.

விடையைப் படித்தல்

விசாரணை அறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு நிலை இருக்கும். அவற்றுள் எதை நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில்தான் அனுபவம் தெரிகிறது.

மிகத் தெளிவான விடை `UNKNOWN_SUBSCRIBER`. அப்படிப்பட்ட சந்தாதாரர் தன்னிடம் இல்லை என்று பதிவேடே சொல்கிறது. எண் வழங்கப்படவே இல்லை, அல்லது துண்டிக்கப்பட்டுவிட்டது. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: நிறுவனம் மாறும் நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும் சில மணி நேரத்தில் பழைய பதிவேட்டிலும் புதிய பதிவேட்டிலும் எண் இல்லாமல் போகலாம். அதனால் ஒரு முறை இந்த விடை வந்ததும் எண்ணை ஒதுக்காமல், சில நாள் கழித்து மறுபடி கேட்டு, அப்போதும் அதே விடை வந்தால் ஒதுக்குவதே முறை.

`ABSENT_SUBSCRIBER` என்பது வேறு. எண் இருக்கிறது, ஆள் இப்போது வலையமைப்பில் இல்லை. கைபேசி அணைந்திருக்கலாம், மலைப்பகுதியில் சமிக்ஞை இல்லாமல் இருக்கலாம், சிம் மேசை இழுப்பறையில் கிடக்கலாம். இந்த விடையைப் பார்த்து எண்ணை நீக்குவது பெரும் பிழை. அன்று அணைந்திருந்த கைபேசி மறுநாள் விழித்துக்கொள்ளும், செய்தி மையமும் சிறிது காலம் செய்தியை வைத்திருந்து மீண்டும் முயலும். ஆனால் ஒரு மாத இடைவெளியில் மூன்று முறை கேட்டும் இதே விடை என்றால் அந்த சிம் இழுப்பறையில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

சேவை தடுக்கப்பட்டது, குறுஞ்செய்தி வசதி இல்லை என்ற விடைகளும் வரும். ரீசார்ஜ் காலம் முடிந்து, வரும் அழைப்பும் நிறுத்தப்பட்ட முன்பண இணைப்புகள் பெரும்பாலும் இங்கே விழும். இவை துண்டிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் எண்கள். காசு கட்டினால் திரும்பவும் வரும்.

`ACTIVE` என்ற விடைதான் எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது. கேள்வி கேட்க வேண்டியதும் அதைத்தான். ஒரு கைபேசி அணைக்கப்படும்போது அது இணைப்பகத்துக்குத் தெரியும், பதிவேட்டுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. நெடுநேரம் தொடர்பில்லாத சந்தாதாரரை இணைப்பகம் தன் நினைவிலிருந்து நீக்கி, அதைப் பதிவேட்டுக்கும் தெரிவித்த பின்னரோ, இரண்டாம் அடியில் ஒரு செய்தி தோற்றுத் திரும்பிய பின்னரோதான் பதிவேட்டில் குறி விழும். அதுவரை, ஒரு மணி நேரத்துக்கு முன் பேட்டரி தீர்ந்து செத்த கைபேசியும் பதிவேட்டின் பார்வையில் வலையமைப்பில்தான் இருக்கிறது. ஆகவே `ACTIVE` என்றால், சந்தா நடப்பில் இருக்கிறது, அண்மையில் வலையமைப்பில் காணப்பட்டது என்று பொருள். அந்த நொடியில் கைபேசி விழித்திருக்கிறது என்பதற்கு அது உறுதி அல்ல. மொத்தச் செய்திக்கு இந்த அளவு போதும்.

இன்னொரு குறை தொழில்நுட்பத்தில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டது. பதிவேடு திருப்பித் தரும் இணைப்பக முகவரி, கைபேசி எந்த ஊரில் இருக்கிறது என்பதை ஏறத்தாழக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மன் ஆய்வாளர் டோபியாஸ் எங்கெல் 2008-இல் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்து காட்டினார். 2014-இல் அதே மாநாட்டுத் தொடரில் எஸ்.எஸ்.7 வலையின் மற்ற ஓட்டைகளையும் விளக்கினார். இப்படிப்பட்ட வேவுக்குத் தடையாகப் பல நிறுவனங்கள் வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்குத் தங்கள் சொந்த வாயில் கணினியின் முகவரியையும் பொய்யான ஐ.எம்.எஸ்.ஐ. எண்ணையும் தருகின்றன. சில, கேள்வியையே தடுத்துவிடுகின்றன. தனிமனித உரிமைக்கு இது நல்லது, விசாரணை அறிக்கைக்கு நல்லதல்ல. வாயில் கணினி சந்தாதாரரின் உண்மை நிலையைப் பார்க்காமலே எல்லா எண்ணுக்கும் "இருக்கிறார்" என்று சொன்னால், அந்த நிறுவனத்தின் எண்கள் அத்தனையும் `ACTIVE` என்று வரும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நிலை நிச்சயமாகத் தெரிந்த எண்கள் சிலவற்றைப் பட்டியலில் கலந்து விடலாம்: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு வாரமாக அணைத்து வைத்த சொந்த எண் ஒன்று, துண்டித்துவிட்ட சொந்த எண் ஒன்று. அறிக்கையில் அவை எப்படி வருகின்றன என்பதைப் பார்த்தால் அந்த நிறுவனத்தின் விடைகளுக்கு என்ன மதிப்பு என்பது விளங்கிவிடும். ஒரு நிறுவனத்தின் எண்களில் ஒன்றுகூட `ABSENT_SUBSCRIBER` என வராவிட்டாலும் சந்தேகப்படலாம். ஆயிரம் பேரில் ஒருவர் கைபேசியாவது எப்போதும் அணைந்திருக்கும்.

கைமாறும் எண்

பத்து இலக்க எண்களின் இருப்பு அளவானது. துண்டிக்கப்பட்ட எண்ணை நிறுவனங்கள் சிறிது காலம் ஆறப்போட்டுவிட்டு வேறொருவருக்கு வழங்குகின்றன. இந்தியாவில் முன்பண இணைப்பு ஒன்றை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால்தான் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு காலத்தை நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி. துண்டித்த பின் குறைந்தது 90 நாள் அந்த எண் புதியவருக்கு வழங்கப்படுவதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்ற வழக்கொன்றில் ட்ராய் தெரிவித்தது. அமெரிக்காவில் இந்த ஆறப்போடும் காலம் குறைந்தது 45 நாள்.

எச்.எல்.ஆர். விசாரணையின் கண்ணில் கைமாறிய எண் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. `ACTIVE` என்றே வரும். செய்தியும் சேரும், சேர்ந்ததற்கான ரசீதும் வரும், ஆனால் படிப்பவர் முன்பின் தெரியாத ஒருவர். தள்ளுபடி விளம்பரம் என்றால் எரிச்சலோடு போகும். மருத்துவப் பரிசோதனை முடிவு, கடன் பாக்கி என்றால் ஒருவரின் அந்தரங்கம் இன்னொருவர் கையில் விழுந்துவிட்டது.

இதற்கு மருந்து அந்த 90 நாளிலேயே இருக்கிறது. எண் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் வழியில் குறைந்தது 90 நாள் யாரிடமும் இல்லாமல் கிடந்தாக வேண்டும். பட்டியலை அதைவிடக் குறைந்த இடைவெளியில், 75 நாளுக்கு ஒரு முறை என்று சரிபார்த்தால், உண்மை விடை தரும் நிறுவனங்களில் கைமாறும் எந்த எண்ணும் குறைந்தது ஒரு முறையாவது `UNKNOWN_SUBSCRIBER` என்று அகப்பட்டே தீரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பவருக்கு அது அகப்படாமல் நழுவலாம்: போன தடவை பழையவரிடம் இருந்தது, இந்தத் தடவை புதியவரிடம் இருக்கிறது, இரண்டு தடவையும் `ACTIVE`. இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் இன்னொரு விதி, மறு சோதனையிலும் இல்லை என்றான எண்ணைப் பின்னால் அது உயிர்த்தெழுந்தாலும் பழைய பெயரோடு திரும்பச் சேர்க்கக் கூடாது என்பது. அப்படி உயிர்த்த எண்ணில் இருப்பவர் அநேகமாகப் புதியவர்.

நாடுகள் இதற்கென்றே பட்டியல்களும் வைத்திருக்கின்றன. துண்டிக்கப்பட்ட கைபேசி எண்களின் பட்டியலை எம்.என்.ஆர்.எல். என்ற பெயரில் ட்ராய் வெளியிடச் செய்தது. அதைப் பயன்படுத்தி வாடிக்கையாளர் எண்களைத் திருத்தும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் சொன்னது. அமெரிக்காவில் 2021 நவம்பரிலிருந்து இயங்கும் தரவுத்தளம் இன்னும் கூர்மையான கேள்வியைக் கேட்க விடுகிறது. எண்ணோடு ஒரு தேதியையும் கொடுக்க வேண்டும்: அந்த ஆள் ஒப்புதல் தந்த நாள், அல்லது அவரிடம்தான் எண் இருந்தது என்று கடைசியாக உறுதியான நாள். அதன் பிறகு எண் நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டதா என்பதற்கு ஆம், இல்லை, தகவல் இல்லை என்ற மூன்றில் ஒன்று விடையாக வரும். எண்ணை வாங்கும்போதே தேதியையும் எழுதி வைத்தவருக்குத்தான் இது பயன்படும்.

எந்த விசாரணைக்கும் அகப்படாத கைமாற்றமும் உண்டு. அப்பா தன் சிம்மை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் புது எண் வாங்கிக்கொண்டால், எந்தப் பதிவேட்டிலும் எதுவும் மாறுவதில்லை.

ஒரு கடையின் பட்டியல்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்குச் செய்தி அனுப்ப இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைகள் கணக்குக்காகச் சொல்லப்படுபவை. பில் போடும் இடத்தில் ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்தவை 12,000 வரிகள். கடைக்கு டி.எல்.டி. பதிவும், ஒப்புதல் பெற்ற செய்தி வார்ப்பும் இருக்கின்றன. இந்தியாவில் அவை இல்லாமல் ஒரு விளம்பரச் செய்தியும் போகாது.

முதலில் செய்தியின் விலை. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் இடம் உண்டு. தமிழ் எழுதினால் 70 தான். நீண்ட செய்தியைத் துண்டுகளாக அனுப்பும்போது ஒவ்வொரு துண்டிலும் 67. கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, குறியை. "ஆடித் தள்ளுபடி" என்பது கண்ணுக்கு எட்டு எழுத்தும் ஓர் இடைவெளியும். புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு 14. கடையின் செய்தி 150 குறிகள் என்றால் மூன்று துண்டுகள். ஒரு துண்டுக்கு 20 பைசா என்று கொண்டால் ஓர் எண்ணுக்கு 60 பைசா, அப்படியே அனுப்பினால் மொத்தம் 7,200 ரூபாய்.

வடிவத்தைச் சரிசெய்ததில் இரட்டிப்பு, இலக்கக் குறைவு, எக்செல் விழுங்கியவை என்று 1,100 வரிகள் போயின. வகை பார்த்ததில் 640 எண்கள் தரைவழி, பெரும்பாலும் 452-இல் தொடங்கும் மதுரை எண்கள். மிச்சம் 10,260. இந்த இரண்டு வேலைக்கும் செலவு இல்லை, மிச்சமான செய்திக் கட்டணம் 1,044 ரூபாய்.

இனி எச்.எல்.ஆர். விசாரணை. எண்ணுக்கு 15 பைசா என்று கொண்டால் எல்லாவற்றையும் கேட்க 1,539 ரூபாய் ஆகும். இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நல்லது, ஏனெனில் எல்லாவற்றையும் கேட்பது வீண். கடந்த 75 நாளில் கடைக்கு வந்து பில் போடும்போது எண்ணைச் சொன்னவர், அந்த எண் தன்னிடம் இருப்பதைத் தானே சொல்லிவிட்டார். எந்தப் பதிவேட்டின் விடையும் அதைவிட உறுதியானதல்ல. அப்படிப்பட்டவர்கள் 5,200 பேர். எஞ்சிய 5,060 எண்களைக் கேட்க 759 ரூபாய்.

வந்த விடைகள்: `ACTIVE` 3,270, `ABSENT_SUBSCRIBER` 610, `UNKNOWN_SUBSCRIBER` 940, சேவை தடுக்கப்பட்டவை 80, விடையே இல்லாதவை 160. நான்கு நாள் கழித்து அந்த 940-ஐ மறுபடி கேட்டதில் 12 எண்கள் உயிரோடு வந்தன; அவை நிறுவனம் மாறிக்கொண்டிருந்தவையாக இருக்கலாம். மீதி 928 நிரந்தரமாக ஒதுக்கப்படுகின்றன. தடுக்கப்பட்ட 80-க்கு இந்த முறை அனுப்புவதில்லை. ஒதுக்கிய 1,008 எண்களால் மிச்சம் 605 ரூபாய். மறு விசாரணையையும் சேர்த்துச் செலவு 900 ரூபாய்.

ஆக, ஒரே ஒரு முறை அனுப்புவதற்கு இந்தியாவில் இந்த விசாரணை கட்டுப்படியாகாது. இங்கே குறுஞ்செய்தி மலிவு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே பட்டியல் பயன்படுவதால்தான் செலவு திரும்பி வருகிறது. ஒரு செய்திக்குப் பல ரூபாய் ஆகும் நாடுகளுக்கு அனுப்புவோருக்குக் கணக்கு நேர்மாறு. இந்தியக் கடைக்கு விசாரணையால் கிடைக்கும் உண்மையான பயன் அந்த 928 எண்கள் மறுபடி வேறொருவர் பெயரில் உயிர்க்கும் முன் அகப்பட்டது. அதே வேளையில், `ACTIVE` என்று வந்த 3,270-இல் ஏற்கெனவே கைமாறியவை எத்தனை என்பதை இந்த முதல் விசாரணை சொல்லாது. ஐந்து ஆண்டாகக் கடைக்கு வராதவரின் எண் இயங்குகிறது என்பதில் பொருள் அதிகம் இல்லை. அத்தகைய எண்களுக்குப் பெயர் சொல்லி அழைக்காத பொதுச் செய்தி போதும். பாக்கித் தொகையோ தங்கச்சீட்டு விவரமோ போகக் கூடாது.

செய்தி போன பின் வரும் சேர்ப்பு ரசீதுகள் அடுத்த முறைக்கான விசாரணையைப் பெருமளவு இலவசமாகச் செய்துவிடுகின்றன. `DELIVRD` என்றால் இரண்டாம் அடியும் முடிந்தது, எச்.எல்.ஆர். விடையைவிட இது வலுவானது. `EXPIRED` என்றால் செய்தி மையம் காத்திருந்து கைவிட்டது, அதாவது ஆள் அகப்படவில்லை. `UNDELIV` என்றால் உடன் வரும் பிழை எண்ணைப் பார்த்து, இல்லாத எண்ணா, வேறு கோளாறா என்று பிரிக்க வேண்டும். இந்தப் பிழை எண்கள் சேவை தருபவருக்குத் தருபவர் மாறுபடும், அட்டவணையை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். மலிவு விலைக்கு வழி காட்டும் சில இடைத்தரகர்கள் எல்லாச் செய்திக்கும் பொய்யாக `DELIVRD` என்று ரசீது தருவதும் உண்டு. துண்டித்த சொந்த எண்ணைப் பட்டியலில் கலந்து விடும் உத்தி இங்கும் கைகொடுக்கும்.

விடை வராத 160 எண்களை என்ன செய்வது என்பது செய்தியைப் பொறுத்தது. விளம்பரம் என்றால் அனுப்பி, ரசீதைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒதுக்கிய 928 எண்களை அழித்துவிடுவது மட்டும் கூடாது. ஒதுக்கிய தேதியோடு தனிக் கோப்பில் வைத்திருந்தால்தான், பழைய நோட்டிலிருந்து யாராவது அதே எண்ணை மறுபடி தட்டிச் சேர்க்கும்போது பிடிபடும். அந்த எண்ணோடு ஒருவர் நேரில் வந்து பில் போட்டால், அது புதிய தேதியில், புதிய பெயரில், புதிய ஒப்புதலோடு சேரும் புதிய வரி.